ரேட் ஸ்கிரீன்ஷாட்டும் கடை பில்லும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த தங்க ரேட் ஸ்கிரீன்ஷாட்டில் கிராம் 9,000 என்று இருக்கிறது. 2 பவுன் சங்கிலிக்கு 1,44,000 வருகிறது, காரைக்குடியில் கடைக்காரர் 1,68,000க்கு மேல் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

அப்படித் தெரியவில்லை, ஆனால் அந்த 24,000 எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் கொஞ்சம் குறையும்.

முதலில் அந்தப் படத்தில் போட்டிருப்பது 22 காரட்டா, 24 காரட்டா என்று பாருங்கள். 22 காரட் 9,000 என்றால் 24 காரட் சுமார் 9,818 இருக்கும். நகைக்கு 22 காரட் ரேட்தான். தேதியையும் பாருங்கள், பாதிப் பேர் நேற்றைய படத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

9,000 என்பது 22 காரட்தான் என்று வைத்துக்கொள்வோம். 16 கிராமுக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 1.920 கிராம். அது உங்கள் கழுத்துக்கு வராத தங்கம், ஆனால் அதையும் அதே ரேட்டில் போடுவார்கள். ஆக 17.920 கிராமுக்கு 1,61,280. செய்கூலி 2,000 என்றால் 1,63,280. இந்த மொத்தத்தின் மேல்தான் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 4,898.40 (பில்லில் ஒன்றரை, ஒன்றரையாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள்). ஹால்மார்க்குக்கு 45 ரூபாயும் அதற்கு 18 சதவீத வரியும் சேர்த்து 53.10. எல்லாம் கூட்டினால் 1,68,231.50.

பலர் தங்கத்துக்கு மட்டும் வரி போட்டுப் பார்த்துவிட்டு கடையில் சண்டை போடுகிறார்கள். சேதாரத்துக்கும் செய்கூலிக்கும் சேர்த்துத்தான் வரி, அதனால் சேதாரம் குறைந்தால் வரியும் கூடவே குறையும். 12ஐ 9 ஆக்கச் சொன்னால் தங்கத்தில் 4,320, அதன் வரியில் 129.60, ஆக 4,449.60 மிச்சம். ரேட்டில் பேரம் பேச இடமில்லை, சேதாரத்தில் பேசுங்கள். "செய்கூலி இல்லை" என்று போர்டு வைத்திருந்தால் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஏறியிருக்கும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு கல் வைத்த அட்டிகை எடுத்தபோது நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். மொத்த எடை 20 கிராம், அதில் கல் 2.4 கிராம். தங்கத்துக்கு 17.6 கிராம் என்று சரியாகப் போட்டவர்கள், சேதாரத்தை மட்டும் 20 கிராமுக்குக் கணக்கிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் படித்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் ரேட்டிலேயே, அதே 12 சதவீத சேதாரத்தில் பார்த்தாலும் 0.288 கிராம், வரியோடு 2,669 ரூபாய் சொச்சம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பில் போட்டாச்சுங்க" என்று முடித்துவிட்டார்கள். அதனால் பில் போடுவதற்கு முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரம் எந்த எடைக்கு என்று எழுதித் தரச் சொல்லிவிடுங்கள்.