போட்டோவுல கண்மை: இமை ஓரம் எங்கன்னு பார்த்துட்டு பிரஷ்ஷை எடுங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி கல்யாண போட்டோ, அதுலயும் போட்டோஷாப்ல கண்மை ஐலைனர் வரையிறது பத்திதான். ஒரே மாதிரி கேட்டிருந்ததை சேர்த்து ஒரே பதிலா போட்டிருக்கேன். போட்டோ எவ்ளோ பெருசு, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு எதுவுமே சொல்லாம "லைனர் சரியா வரலக்கா"ன்னு மட்டும் எழுதினவங்க திரும்ப ஒழுங்கா எழுதுங்க, எது வரலைன்னே தெரியாம நான் என்ன பதில் சொல்றது.

கே: லைனர் போட பிரஷ் சைஸ் எவ்ளோ வைக்கணும்? ஒரு வீடியோவுல 8ன்னு சொல்றாங்க, இன்னொன்னுல 20ன்னு சொல்றாங்க.

ரெண்டு பேரும் அவங்கவங்க போட்டோவுக்கு சொல்றாங்க, உங்க போட்டோவுக்கு இல்ல. முதல்ல கருவிழியை அளந்துக்கோங்க. பெரியவங்களுக்கு கருவிழியோட குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் வராது, அதனால போட்டோவுக்குள்ளயே உங்களுக்கு ஒரு ஸ்கேல் இருக்கு. போட்டோஷாப்ல Ruler Tool எடுத்து இடமிருந்து வலமா அளங்க, மேலிருந்து கீழ அளக்காதீங்க, ஏன்னா மேல் இமை கருவிழியோட உச்சியை கொஞ்சம் மூடியிருக்கும். 60 பிக்சல் வந்துச்சுன்னு வைங்க, அப்போ ஒரு மில்லிமீட்டர் 5 பிக்சல். சாதாரண மெல்லிசு லைனர் 1 மில்லிமீட்டர்தான், அதாவது 5 பிக்சல். கல்யாணப் பொண்ணுக்கு தடிப்பா வேணும்னா வெளிக்கோடியில 10 பிக்சல் வரைக்கும் போகலாம், உள்கோடியில 5ஐ தாண்டாதீங்க. கருவிழியே 20 பிக்சலுக்கு கீழன்னா கோடு போடுற வேலையே வேண்டாம், இமை ஓரத்தை Burn Tool வெச்சு லேசா இருட்டாக்குனா போதும்.

கே: லைனர் போட்டதும் கண்ணு சின்னதாயிடுது, சில சமயம் தூங்கி வழியிற மாதிரி ஆயிடுது. ஏன்?

நீங்க இமை ஓரம்னு நினைச்சு நிழல் மேல கோடு போடுறீங்க. மேல் இமைக்கு கீழ, வெள்ளை விழி மேலயும் கருவிழி மேலயும் இமையோட நிழல் ஒரு இருட்டு பட்டையா விழுந்திருக்கும், முக்கியமா லைட் மேல இருந்து வர்ற மண்டப போட்டோவுல. தள்ளி நின்னு பார்த்தா அந்த நிழலும் இமைமுடியும் ஒட்டி ஒரே கருப்பா தெரியும். அதோட கீழ் விளிம்புல கோடு போட்டா கருவிழியோட மேல் பக்கம் வெட்டுப்பட்டு போகும், அதான் தூங்கி வழியிற மாதிரி தெரியுது.

200 சதவீதத்துக்கு பெருசாக்கிப் பாருங்க. இமைமுடி ஒவ்வொண்ணும் எங்கேர்ந்து கிளம்புதுன்னு தேடுங்க, அந்த வேர் வரிசைதான் உங்க கோடு. நிழல்ல முடி இருக்காது, வழவழன்னு இருக்கும், விழியோட ஈர மினுமினுப்பு உள்ள தெரியும், அதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். கண்டுபிடிக்க கஷ்டமா இருந்தா மேல ஒரு Curves லேயர் போட்டு நல்லா வெளிச்சமாக்கிக்கோங்க, வேலை முடிஞ்சதும் அதை அழிச்சிடுங்க. கோட்டோட கீழ் விளிம்பு வேர்ல தொடங்கணும், தடிப்பு வேணும்னா மேல தோல் பக்கமா மட்டும் ஏத்துங்க. விழி பக்கம் ஒரு பிக்சல் கூட இறங்கக் கூடாது. அதேபோல ரொம்ப மேல போனா முடிக்கும் கோட்டுக்கும் நடுவுல வெளுப்பா தோல் தெரியும், அதுவும் தப்பு.

தனி லேயர்ல போடுங்க. தனி லேயர்ல. ஒரிஜினல் மேலயே வரைஞ்சிட்டு "எப்படி திருப்புறது"ன்னு கேட்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க, சேவ் பண்ணி மூடினதுக்கப்புறம் திருப்ப வழியே இல்ல.

கே: சுத்தமான கருப்பு போட்டா ஒட்டவெச்ச மாதிரி இருக்கு.

இருக்கும். போட்டோவுல கண்ணுக்குள்ள ரொம்ப இருட்டான இடம் கண்பாப்பா, லைனர் அதை விட இருட்டா இருக்கவே கூடாது. கண்பாப்பாவையும் இமைமுடி வேரையும் Eyedropper வெச்சு தொட்டுப் பாருங்க, மஞ்சள் லைட்ல எடுத்த படத்துல பெரும்பாலும் அடர் பழுப்பா வரும். வேர்ல கிடைச்ச அந்த நிறத்தையே எடுத்துக்கோங்க, லேயரை Multiply ஆக்குங்க, Opacity 70 பக்கம் வைங்க. மேல் விளிம்பை மட்டும் லேசா மழுங்க விடுங்க, கீழ் விளிம்பு கூர்மையா நிக்கட்டும்.

கே: Pen Tool-ல பாத் போட்டு Stroke Path, Simulate Pressure கொடுக்கிறேன். நடுவுல தடிச்சு ரெண்டு கோடியும் மெலிஞ்சு போகுது, கண்ணு உருண்டையா தெரியுது.

நல்ல கேள்வி, என்ன பண்ணீங்க என்ன வந்துச்சுன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. Simulate Pressure எப்பவும் நடுவைத்தான் தடிப்பாக்கும், நமக்கு தடிப்பு வேண்டியது காது பக்கத்து மூணுல ஒரு பங்குல. அதனால பாத்தை வெளிக்கோடியோட நிறுத்தாதீங்க, கண்ணோட நீளத்துல பாதி அளவு அதே வளைவுல வெளியே இழுத்து விட்டுட்டு Stroke கொடுங்க. இப்போ பாத்தோட நடு வெளிக்கோடி பக்கம் நகர்ந்து வந்துடும், தடிப்பும் அங்கதான் விழும். வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற மிச்சத்தை லேயர் மாஸ்க்ல மறைச்சிடுங்க. வால் வேணும்னா கீழ் இமையோட கோடு அப்படியே மேல நோக்கி தொடர்ந்தா எங்க போகுமோ அந்தத் திசையில கொஞ்சம் விட்டு மறைங்க.

இன்னொன்னு, பாத்தை ஒரே வில்லா வளைக்காதீங்க. மேல் இமையோட உச்சி பெரும்பாலும் கண்பாப்பாவுக்கு நேர் மேல இருக்காது, கொஞ்சம் மூக்கு பக்கமா இருக்கும். கீழ் இமை ரொம்ப தாழுற இடம் காது பக்கமா இருக்கும். உங்க பாத் இந்த சாய்வை விட்டுட்டா கண்ணோட ஜாடையே மாறிடும்.

கே: PNG லைனர், ஐலாஷ் பேக் டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன். ஒட்டி Warp பண்ணா வேலை சீக்கிரம் முடியுது. இதுல என்ன தப்பு?

இந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் வருது, இந்த முறை நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அந்த PNG யாரோ ஒருத்தரோட கண்ணு. அந்தக் கண்ணோட நீளம், உச்சி இருக்கிற இடம், வெளிக்கோடி ஏறியிருக்கா இறங்கியிருக்கா எல்லாமே அந்தக் கோட்டுக்குள்ள இருக்கு. அதை நீங்க இன்னொருத்தர் மேல ஒட்டுறப்ப அவங்க கண்ணு இந்த PNG-க்கு அடங்கிப் போகுது, கண்ணுக்கு ஏத்த மாதிரி கோடு போகல. ஒரே ஸ்டுடியோவோட ஆல்பத்துல பத்து கல்யாணத்தை வரிசையா புரட்டுங்க, பத்து பொண்ணுக்கும் ஒரே கண்ணு. அந்தப் பொண்ணோட அம்மா படத்தைப் பார்த்துட்டு "என் பொண்ணு மாதிரியே இல்லையே"ன்னு சொல்றாங்கன்னா காரணம் அனேகமா இதான், அவங்களுக்கு எங்க தப்புன்னு சொல்லத் தெரியல, அவ்ளோதான்.

கிட்ட போய் ஒரு படத்தைப் பார்ப்போம். கல்யாணப் பொண்ணோட அம்மா, அம்பது வயசுக்கு மேல, நேரா பார்த்துட்டு நிக்கிறாங்க. வயசானதுல இமைக்கு மேல இருக்கிற தோல் காது பக்கமா தொங்கி, வெளிக்கோடியில இமைமுடி வேரையே மூடியிருக்கு. கருவிழி 48 பிக்சல், அப்போ ஒரு மில்லிமீட்டர் 4 பிக்சல். PNG ஒட்டினா கோடு அந்த மடிப்புத் தோல் மேல ஏறி ஓடும், நிஜத்துல அங்க மை இருந்தாலும் தோல் அதை மறைச்சிருக்கும், அதனால பார்க்கிறவங்களுக்கு கண்ணு மேல ஏதோ ஒட்டியிருக்குன்னு உடனே தெரியும். கையால போட்டா என்ன பண்ணணும்னா, உள்கோடியில இருந்து கருவிழி பக்கமா ஒரு மில்லிமீட்டர் தள்ளி 2 பிக்சல்ல ஆரம்பிங்க, கருவிழிக்கு மேல வர்றப்ப 4 பிக்சல், அங்கிருந்து வேர் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் 5, தோல் எங்க மூடுதோ அங்க கோடு அதுக்கு அடியில போய் மறையணும். மடிப்புக்கு வெளியே கோட்டை தொடராதீங்க, வாலும் வேண்டாம். ரெண்டு கண்ணுக்கும் இதையே தனித்தனியா போடுங்க. ஒரு கண்ணுல போட்டதை காப்பி பண்ணி Flip பண்ணாதீங்க, யாருக்குமே ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்காது, தொங்குற தோலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது. மொத்தமா பத்து நிமிஷ வேலை. Warp-ல ஒவ்வொரு மூலையா இழுத்து இழுத்து உட்கார வைக்கிறதுக்கும் அவ்ளோ நேரம் ஆகத்தான் செய்யுது.

இதுல இன்னும் மோசம், PNG கண்ணுக்குப் பொருந்தலைன்னு Liquify-ல போய் கண்ணை பெருசாக்கி PNG-க்கு பொருந்த வைக்கிறது. அவங்க முகத்தை மாத்த நமக்கு யாரும் அனுமதி கொடுக்கல. மை போடச் சொன்னாங்க, மை போடுங்க.

கே: கீழ காஜல் எங்க போடணும்? முடிக்கு உள்ளயா வெளியவா?

காஜல்னா உள்ள. கீழ் இமைமுடி வேருக்கும் விழிக்கும் நடுவுல ரோஸ் கலர்ல ஒரு மெல்லிசு திட்டு இருக்கு பாருங்க, மேக்கப் போடுறவங்க வாட்டர்லைன்னு சொல்றது. லைனர்னா முடிக்கு வெளியே, தோல் மேல. காஜல் போடுறப்ப அந்தத் திட்டு விழியைத் தொடுற இடத்துல கண்ணீர் ஈரத்தோட ஒரு மின்னல் கோடு ஓடும், அதை மூடிடாதீங்க. அது இருந்தாத்தான் மை கண்ணுக்குள்ள இருக்கிற மாதிரி தெரியும், மூடிட்டா பேனாவுல வரைஞ்ச மாதிரி ஆயிடும். லேயர் மேல டபுள் கிளிக் பண்ணி Blend If-ல Underlying Layer-ஓட வெள்ளை ஸ்லைடரை Alt அழுத்திட்டு பிரிச்சு இடது பக்கம் நகர்த்துங்க, அந்த மினுமினுப்பு தானா மேல வந்துடும். மூக்கு பக்கத்து மூலையில இருக்கிற ரோஸ் சதையைத் தொடவே தொடாதீங்க. சின்னக் கண்ணுக்கு உள்ள முழுசா கருப்பு போட்டா இன்னும் சின்னதா தெரியும், நிஜ மையும் அப்படித்தான், அந்த மாதிரி முகத்துக்கு வெளிப்பாதியோட நிறுத்திக்கோங்க.

கே: தாலி கட்டுறப்ப பொண்ணு குனிஞ்சு கண்ணை மூடியிருக்கு. எப்படி?

வளைவு கீழ் நோக்கி இருக்கும், முடி வேருக்கு மேல இமைத் தோல்ல மட்டும் போடுங்க. காஜல் தெரியாது, போடாதீங்க.

கே: முகம் பக்கவாட்டுல திரும்பியிருக்கு, ரெண்டு கண்ணுக்கும் ஒரே தடிப்பா?

இல்ல. தூரத்துக் கண்ணு குறுகி இருக்கும், அதுல உச்சியும் வெளிக்கோடியும் ரொம்ப பக்கத்துல வந்துடும், சில சமயம் வெளிக்கோடியே தெரியாது. தெரியாததை வரையாதீங்க. கிட்ட இருக்கிற கண்ணுல போட்டு முடிச்சிட்டு தூரத்துக் கண்ணுக்கு கொஞ்சம் மெலிசா போடுங்க. ஃபோகஸ் கிட்டக் கண்ணுல இருந்தா தூரத்துக் கோட்டுக்கு Gaussian Blur 1 இல்ல 2 பிக்சல் கொடுத்து பக்கத்துல இருக்கிற முடியோட மழுப்பலுக்கு சமமாக்குங்க.

கே: கண்ணாடி போட்டிருக்காங்க.

கண்ணாடிக்குள்ள தெரியிற கருவிழியை அளங்க, பவர்ல கண்ணு சின்னதாவோ பெருசாவோ தெரிஞ்சாலும் கணக்கு சரியா வரும். லென்ஸ்ல லைட் பிரதிபலிக்கிற இடத்துல கோடு வெளுக்கணும்.

கே: மொபைல் ஆப்ல பண்ணலாமா?

மேக்கப் ஃபில்டர் உள்ள ஆப் வேண்டாம், அதுவும் PNG கதைதான். லேயர் வசதி இருக்கிற ஆப்னா விரல்ல வேண்டாம், ஸ்டைலஸ் வெச்சு போடுங்க.

கே: பாட்டியோட பழைய கருப்பு வெள்ளை படத்தை ஸ்கேன் பண்ணி சரி பண்றேன். கண்மை அழிஞ்சு போச்சு, திரும்பப் போடலாமா?

போடலாம், ஆனா அந்தப் படத்துல மை இருந்ததுக்கு அடையாளம் இருக்கணும். ரெண்டு கண்ணுல ஒண்ணுலயாவது மிச்சம் இருக்கும், அந்தத் தடிப்பை அளந்து அதையே வைங்க. நிறம் அந்தப் படத்துல இருக்கிற இருட்டான சாம்பல்ல இருந்தே எடுங்க, பழைய பிரிண்ட்ல சுத்தக் கருப்பு அனேகமா இருக்காது. கோடு போட்டதும் வழவழன்னு தனியா தெரியும், சுத்தி படத்துல இருக்கிற குருணை அதுல இருக்காது. கோடு போட்ட லேயருக்கு மேல புதுசா ஒரு லேயர், 50 சதவீதம் சாம்பல் நிரப்பி Overlay, Add Noise-ல Monochromatic டிக் பண்ணி குருணை கொடுத்து, பக்கத்துத் தோலோட ஒத்துப் போற வரைக்கும் லேசா Blur பண்ணிட்டு, அதை கோட்டு மேல மட்டும் இருக்கிற மாதிரி மாஸ்க் பண்ணிடுங்க. 100 சதவீதத்துல பாருங்க, அதுல ஒத்துப் போச்சுன்னா பிரிண்ட்லயும் பெரும்பாலும் ஒத்துப் போகும்.