ஜூம் வெபினாரில் கேள்விகளை வடிகட்டுவது

கேள்வி: 500 பேர் வரும் ஜூம் வெபினார். எழுதி அனுப்பும் கேள்விகளை நாங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே மற்றவர்களுக்குக் காட்ட முடியுமா?

முடியும். Q&A அமைப்பில் Answered questions only என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேள்விகள் முதலில் உங்கள் குழுவுக்கு மட்டுமே தெரியும். Answer live அழுத்தியதும் அந்தக் கேள்வி அவையோர் திரையில் தோன்றிவிடும். எனவே பேச்சாளர் தயாரான பின்பே அழுத்துங்கள்.

இதில் ஓர் இழப்பு உண்டு. மற்றவர் கேள்விகள் தெரியாததால் அவையோர் அவற்றுக்கு வாக்களிக்க முடியாது; ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வரும். "கட்டணம் எவ்வளவு?", "தவணை உண்டா?" போன்று திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு கேள்வியிலும் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை நேரலைக்கு எடுங்கள். மற்றவற்றை Dismiss செய்யலாம். ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் சிக்கலுக்கு எழுத்தில் தனிப்பட்ட பதில் போதும். இதற்கென ஒருவரை அமர்த்துங்கள். பேசிக்கொண்டே பட்டியலைப் பார்ப்பவர் இரண்டையும் கெடுப்பார்.