மூன்றாம் தடவை சொன்னது

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தில் நீரிழிவு மருத்துவர் ஒருவர் இன்சுலின் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசினார். அதைத் தமிழில் நான்கு பக்கக் கையேடாக்கித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரே விஷயத்தை மூன்று நான்கு தடவை சொல்கிறார். எல்லாவற்றையும் எழுதினால் இருபது பக்கம் வரும்போல. எதை வெட்டுவது? பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதிவைக் கேட்டேன். நல்ல பேச்சாளர், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்டுக்கொண்டே நேராகத் தமிழில் எழுதிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் ஆங்கிலத்திலேயே முழுவதும் எழுதி, ஓரத்தில் நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாயிரம் சொல்லை ஒட்டி வரும், சலிப்பான வேலைதான். ஆனால் ஒரே விஷயத்தை அவர் எங்கெங்கே சொன்னார் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் வெட்ட முடியாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 12-வது நிமிடத்தில், “இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்” என்கிறார். 31-இல் மறுபடியும் அதையே சொல்லிவிட்டு, “உறைந்துபோனதை உருக வைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, தூக்கிப் போடுங்கள்” என்கிறார். கேள்வி நேரத்தில் ஒரு அம்மா கேட்டதற்கு, “நான் சொன்னது பிரிக்காததை. போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா வெளியிலேயே இருக்கலாம், வெயில் படாமல்” என்கிறார். காதுக்கு மூன்றும் ஒன்றுதான். எழுதி வைத்துப் பார்த்தால், இரண்டாவதில் ஒரு எச்சரிக்கை கூடுகிறது, மூன்றாவதில் முதலாவதன் பொருளே மாறிவிடுகிறது. முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அடித்திருந்தால் கையேடு தவறாகிவிடும். அதனால் கடைசியாகச் சொன்னதை அடித்தளமாக வைத்து, முந்தையவற்றில் அதில் இல்லாதது எது என்று மட்டும் பாருங்கள். கேள்வி நேரத்தைப் பலர் எழுதவே மாட்டார்கள். பேச்சாளர் தன்னைத் திருத்திக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

எதையும் கூட்டாத திரும்பச் சொல்லலும் உண்டு. அதை எப்போதும் வெட்டிவிடலாம் என்றும் இல்லை. சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு பேச்சைக் கையேடாக்கினேன். பேனாவின் பொத்தானை முழுவதும் அழுத்தியபின் ஊசியை உடனே எடுக்காமல் பத்து வரை எண்ணுங்கள் என்று மருத்துவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். நான் சமர்த்தாக ஒன்றாக்கி ஒரு பத்தியின் நடுவில் வைத்தேன். பிறகு படித்தவர்களிடம் பேசினால் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. ஊசியைச் சட்டென்று எடுத்தால் மருந்து கொஞ்சம் வெளியே கசிந்துவிடும், அதற்காகத்தான் அவர் அத்தனை தடவை சொன்னார். பேச்சில் மூன்று தடவை சொல்வதைத் தாளில் இடத்தால்தான் சொல்ல முடியும். அதைத் தனி வரியாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் போட்டிருக்க வேண்டும். எதை அழுத்திச் சொன்னார் என்பது எழுத்துப் படியில் தெரியாது, குரலில்தான் தெரியும். வேகம் குறைந்து, ஒரு நிறுத்தத்துக்குப் பின் திரும்பச் சொன்னால் அது அழுத்தம். அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டே பழையதை இழுத்தால் அது வெறும் நேரங்கடத்தல், தயங்காமல் அடியுங்கள்.

தமிழுக்கு வரும்போது பாதி வேலையை மொழியே செய்துவிடும். ஊசி போடும் இடம் பற்றி அவர் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் பேசுகிறார்: இடத்தை மாற்றுங்கள், நகர்த்துங்கள், ஒரே இடத்தில் போடாதீர்கள். “இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்” என்றால் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழும், அங்கே மருந்து சீராக ஏறாது என்று அவர் சொல்லும் காரணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரீசரில் “வைக்கவே கூடாது” என்றால், அவர் திரும்பச் சொல்லித் தந்த அழுத்தத்தை அந்த ஏகாரமே தந்துவிடும்.

மாறாக, அவர் “இது”, “அது” என்று போகிற இடங்களில் நீங்கள் பெயரைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். கையில் பேனாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவர் “இது” என்றார். தாளில் அது பாட்டிலா பேனாவா என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் ஒன்று. பிரித்த இன்சுலின் எத்தனை நாளைக்கு என்பதை ஒரு இடத்தில் 28 நாள் என்கிறார், இன்னொரு இடத்தில் ஒரு மாதம் என்கிறார். இரண்டும் ஒன்றுதானே என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். பல இன்சுலின்களுக்கு 28 நாள்தான், சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதல். அந்த இரண்டு நிமிடக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் வரியை அப்படியே போட்டு, முடித்த தமிழ்ப் படியை அச்சுக்குப் போகும் முன் அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள்.