ஆபரேஷன் செய்த பிறகும் குழந்தை

அன்புள்ள சார்,

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். நாலு வருஷம் கழித்து இப்போது ஐந்து மாதம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். டாக்டரின் போட்டோவை முகநூலில் போட்டிருக்கிறேன். நீங்களும் இதைப் பற்றி எழுத வேண்டும்.

செல்வி

அன்புள்ள செல்வி,

முதலில் அக்கா எப்படி இருக்கிறார்? கடிதத்தில் டாக்டரைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது, அவரைப் பற்றி ஒரு வரிதான்.

நிச்சயம் ஜெயிக்கலாம் என்ற வக்கீலை விடுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போவதானால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் "இதைவிட என்ன சாட்சி வேண்டும்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதை என்னால் விட முடியவில்லை. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஹரியானாவில் சந்த்ரா என்ற பெண், ஏற்கெனவே ஏழு குழந்தைகள், 1988இல் ஆபரேஷன், அப்புறமும் ஒரு பெண் குழந்தை. பஞ்சாபில் சிவராம் என்பவரின் மனைவிக்கு 1984இல் ஆபரேஷன், 1991இல் குழந்தை. விளைவு இரண்டிலும் ஒன்றுதான். சந்த்ரா 2000இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார், சிவராம் 2005இல் தோற்றார். ஏனென்றால் சந்த்ராவுக்கு வலது கருக்குழாயில் மட்டும்தான் கை வைத்திருந்தார்கள், இடது பக்கத்தைத் தொடவே இல்லை, டாக்டரின் சாட்சியத்திலேயே அது வெளிவந்துவிட்டது. சிவராம் வழக்கிலோ, ஆபரேஷனில் இன்ன தவறு நடந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. குழந்தை பிறந்திருக்கிறதே என்பது மட்டும்தான் வாதம்.

அது ஏன் போதவில்லை என்பதற்கு ஆபரேஷனைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரசவம் முடிந்த கையோடு செய்வதில் பெரும்பாலும், குழாயின் நடுப்பகுதியை ஒரு வளையமாகத் தூக்கி, அடியில் தானாகக் கரையும் நூலால் கட்டி, வளையத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். நூல் கரைந்ததும் இரண்டு முனைகளும் விலகி மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு உடம்பே அந்த இடைவெளியில் மறுபடி வழி திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், இந்த முறையில் பத்து ஆண்டுக்குள் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேர் கர்ப்பமானார்கள். எல்லாம் சரியாகச் செய்த கைக்கும் இது நடக்கும். அதனால்தான் கோர்ட் கேட்பது, அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அன்றைக்குச் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதை. 1957இல் லண்டனில் பிறந்த அளவுகோல் அது. சிவராம் தீர்ப்பு வந்த அதே 2005 ஆகஸ்டில், ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் பிடித்துக்கொண்டது.

சரி, செய்தாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை. நான் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது இதே மாதிரி ஒரு வழக்குக் கட்டு வந்தது. கேஸ் ஷீட்டில் ஆபரேஷன் குறிப்பு என்ற இடத்தில் "பி.டி.எல். முடிந்தது", அதாவது இரண்டு குழாய்களையும் கட்டியாயிற்று, என்று மட்டும் இருந்தது. ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து மூடியதற்கு இவ்வளவுதான் எழுத்து! என் சீனியர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு அடுத்த பிரசவம் சிசேரியனாக நடந்த ஆஸ்பத்திரியின் குறிப்பைத் தேடி வாங்கினார். இடது பக்கம் குழாய் முழுசாக இருந்தது என்றும், அதற்கு முன்னால் கர்ப்பப்பையிலிருந்து ஓடும் நாரில்தான் பழைய கட்டின் வடு இருந்தது என்றும் அங்கே எழுதியிருந்தது. அவசரத்தில் அந்த நாரைக் குழாய் என்று நினைக்க இடமுண்டு, அதனால்தான் குழாயின் நுனியில் இருக்கும் விரல் போன்ற குஞ்சம் வரை பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், இத்தனை துண்டு எடுத்தேன் என்று மூன்று வரி எழுத என்ன கேடு? அந்த மூன்று வரி இருந்தால் தவறு செய்யாத டாக்டர் தப்பிப்பார், இல்லாவிட்டால் அவரும் அல்லவா சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்?

ஆகவே கேஸ் ஷீட்டின் நகலுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. ஆனால் மூன்று ஆண்டுகள்தான் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும், உங்களுக்கு நாலு ஆகிவிட்டது, உடனே போங்கள். அக்காவுக்கு இந்த முறை சிசேரியனோ மறு ஆபரேஷனோ நடந்தால், இரண்டு குழாய்களும் எப்படி இருக்கின்றன என்று குறித்துத் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், ஆபரேஷன் தோற்றால் யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு தரும் அரசுத் திட்டம் ஒன்று 2005இலிருந்து இருக்கிறது, தொகை சின்னதுதான், ஆனால் அதற்குக் கெடு உண்டு, கர்ப்பம் தெரிந்த 90 நாளுக்குள் என்று வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதம் என்கிறீர்கள், எப்போது தெரிந்தது என்று சொல்லவில்லை. நாளைக்கே மாவட்டக் குடும்பநல அலுவலகத்தில் கேளுங்கள்.

முகநூலில் போட்ட போட்டோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே உங்கள் மேல் மானநஷ்ட வழக்கு வந்து நிற்கும்.