விகிதம் இறங்கினால் சுமை இறங்குமா?

கேள்வி: வரி-ஜிடிபி விகிதம் குறைந்தால் மக்கள் தலையில் இருக்கும் வரிச்சுமை குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நல்ல செய்திதானே, அதற்கு ஏன் இத்தனை கவலை? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அது வெறும் வகுத்தல் கணக்கு. மேலே அரசு வசூலித்த வரி. கீழே அந்த ஆண்டு நாட்டில் நடந்த மொத்த உற்பத்தியின் மதிப்பு. மேலே உள்ளது இறங்கினாலும் விகிதம் குறையும், கீழே உள்ளது ஏறினாலும் குறையும். எது நடந்தது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அயர்லாந்தில் 2014இல் சுமார் 28 சதவீதமாக இருந்த விகிதம், அடுத்த ஆண்டே 23 சதவீதத்துக்கு வந்தது. அந்த ஆண்டு வரி வசூல் குறையவே இல்லை, கூடியது. நிறுவனங்கள் கட்டிய வருமான வரி மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானது. அப்புறம் எப்படி விகிதம் விழுந்தது? பன்னாட்டு நிறுவனங்கள் சில, தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அயர்லாந்துக் கிளைகளின் பெயருக்கு மாற்றிக்கொண்டன. அதிலிருந்து வந்த வருமானமெல்லாம் அயர்லாந்தின் உற்பத்தியாக ஏட்டில் ஏறி, ஒரே ஆண்டில் ஜிடிபி ஏறத்தாழ 25 சதவீதம் வீங்கிவிட்டது. டப்ளினில் சம்பளம் வாங்கும் ஒருவரின் வரிச்சீட்டில் இதனால் ஒரு யூரோகூடக் குறையவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இந்த வீக்கத்தைக் கழித்துவிட்டுத் தனியாக ஒரு வருமானக் கணக்கைப் போடத் தொடங்கியது. 2016க்கு ஜிடிபி சுமார் 27,500 கோடி யூரோ. கழித்த கணக்கில் சுமார் 18,900 கோடி. இரண்டில் எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே வரி லேசாகவும் தெரியும், பளுவாகவும் தெரியும்.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2019 டிசம்பரில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக்கினார்கள். ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்பனை இருந்தாலே வாட் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தினார்கள். ஆயிரக்கணக்கான வியாபாரங்கள் வரி வலையிலிருந்து வெளியேறின. கொரோனாவும் வாகன இறக்குமதித் தடையும் சேர்ந்துகொண்டன. 2019இல் சுமார் 1.73 லட்சம் கோடி ரூபாயாக இருந்த வரி வசூல், 2020இல் 1.22 லட்சம் கோடியானது. இங்கே விழுந்தது மேலே இருக்கும் எண்தான். அதனால்தான் சொல்கிறேன், விகிதத்தைப் பார்த்த கையோடு வசூல் தொகையையும் பாருங்கள். அயர்லாந்தா இலங்கையா என்பது உடனே பிடிபடும்.

இலங்கை மக்களுக்காவது சுமை குறைந்ததா? சலுகையில் பெரும்பங்கு யாருக்குப் போனது என்பதையே விகிதம் சொல்லாது. அரசின் செலவோ அப்படியே நின்றது. பள்ளத்தைக் கடனும் மத்திய வங்கி அச்சடித்த பணமும் நிரப்பின. டாலர் கையிருப்பு கரைந்து ரூபாயும் சரிந்தபோது, 2022 செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத தோட்டத் தொழிலாளியும் அந்த விலையில்தான் அரிசி வாங்கினார். அவர் அதிகமாகக் கொடுத்த அந்தப் பணம் எந்த வரிக் கணக்கிலும் இல்லை.