டயசோனியத்திலிருந்து குளோரைடு: பச்சைப் பொடியும் கிரெசால் வாசனையும்

கேள்வி: பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். பாரா-டொலுயிடினை டயசோ செய்து பாரா-குளோரோடொலுயீன் எடுக்கிறோம். 10.7 கிராம் போட்டால் நாலு கிராம்கூடத் தேறவில்லை. ஃபிளாஸ்க் முழுக்கப் பழுப்புத் தார், கூடவே டெட்டால் மாதிரி ஒரு வாசனை. டயசோ கரைசலை மதியச் சாப்பாடு முடியும்வரை ஐஸில் வைத்திருந்தோம், அதனால் கெட்டுவிட்டதா? ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமானதும்தான் நைட்ரைட்டை நிறுத்துகிறோம். குப்ரஸ் குளோரைடு பாட்டிலில் இருப்பது பச்சையாக இருக்கிறது. அடுத்து நைட்ரைலும் வேண்டுமாம், இதே முறையில் செய்யலாமா?

பதில்: சாப்பாட்டை விட்டுவிடுங்கள். ஐஸுக்குள் ஒரு மணி நேரம் இருந்ததால் மட்டும் இவ்வளவு நஷ்டம் வராது. உங்கள் கடிதத்தில் உண்மையான குற்றவாளி கடைசியில்தான் வருகிறது. அது அந்தப் பச்சைப் பொடி.

நல்ல குப்ரஸ் குளோரைடு வெள்ளையாக இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும். பச்சை என்றால் அதிலுள்ள காப்பரில் ஒரு பகுதி குப்ரிக் ஆகிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் செய்யும் இந்தச் சாண்ட்மையர் வினையில் குப்ரஸ் காப்பர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: டயசோனியத்துக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுப்பது. அதை வாங்கியதும் நைட்ரஜன் வாயுவாகக் கழன்று போகிறது, வளையத்தில் ஒரு ரேடிக்கல் மிஞ்சுகிறது. எலக்ட்ரானைக் கொடுத்துக் குப்ரிக் ஆன காப்பரிடமிருந்து ஒரு குளோரினை அந்த ரேடிக்கல் பறித்துக்கொள்கிறது, காப்பர் மறுபடி குப்ரஸ் ஆகிறது. ஆரம்பத்திலேயே குப்ரிக்காக இருக்கும் காப்பரிடம் கொடுக்க எலக்ட்ரான் இல்லை.

சரி, எலக்ட்ரான் கிடைக்காத டயசோனியம் சும்மா இருக்குமா? சூடு ஏறினதும் அது தானாகவே நைட்ரஜனை விட்டுவிட்டு, பக்கத்தில் ஏராளமாக இருக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வருவது பாரா-கிரெசால். உங்கள் டெட்டால் வாசனை அதுதான். மிச்சமிருக்கும் டயசோனியம் அந்தக் கிரெசாலோடு இணைந்து அசோ சாயமாகிறது. துணிக்கு நிறமேற்ற உதவும் அதே வகைப் பொருள்தான் உங்கள் ஃபிளாஸ்கில் தாராக ஒட்டியிருக்கிறது.

இது ஊகம்தானே என்றால், சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எண்ணெயைச் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவுவீர்கள் அல்லவா, அந்தக் கழுவலைக் கொட்டாமல் தனியாக எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். வாசனையோடு எண்ணெய்த் துளிகள் பிரிந்தால் அது கிரெசால். அதை எடை போட்டால் உங்கள் டயசோனியத்தில் எவ்வளவு தண்ணீரிடம் போனது என்று தெரிந்துவிடும். சாயமாகிப் போனது இதில் வராது. அதனால் உண்மையான நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

அந்தப் பாட்டிலை நம்ப வேண்டாம், குப்ரஸ் குளோரைடை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். 30 கிராம் காப்பர் சல்ஃபேட் (நீலப் படிகம்), 8 கிராம் சாப்பாட்டு உப்பு இரண்டையும் 100 மில்லி சூடான நீரில் கரையுங்கள். வேறொரு பீக்கரில் 6.5 கிராம் சோடியம் பைசல்ஃபைட், 4.2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 50 மில்லி நீர். இதை முதல் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றினால் நீலம் வெளிறி, ஆறும்போது வெள்ளைப் பொடி படியும். மேல்நீரை வடித்து, ஒன்றிரண்டு முறை நீர்விட்டுக் கழுவி, உடனே 50 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஐஸில் வையுங்கள். வடிகட்டிக் காயவைக்க நினைக்காதீர்கள், காயும்போதே பச்சையாகிவிடும். கரைசலும் நேரம் ஆக ஆகக் கறுக்கும். அதனால் டயசோவைத் தொடங்குவதற்குச் சற்று முன்பு இதைச் செய்வதுதான் சரியான வரிசை. சாப்பாட்டை இரண்டுக்கும் முன்பே முடித்துவிடலாம்.

இரண்டாவது குறை அந்தத் தாளில் இருக்கிறது. நீலமானதும் நிறுத்துவது சரிதான். ஆனால் நைட்ரைட் விட்ட உடனே தொட்டுப் பார்த்தால், இன்னும் வினைபுரியாத நைட்ரஸ் அமிலமே தாளை நீலமாக்கும். கடைசிப் பகுதியில் டயசோ ஆவது மந்தமாக நடக்கும். ஆகவே கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு முறையும் நாலைந்து நிமிடம் கலக்கிவிட்டு, அப்புறம் ஒரு துளியைத் தாளில் வையுங்கள். தொட்ட கணத்திலேயே கருநீலப் புள்ளி விழ வேண்டும், அதுதான் முடிவு. அரை நிமிடம் கழித்து விளிம்பில் மெல்ல ஏறும் நீலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அமிலமும் காற்றும் சேர்ந்தாலே அந்த நீலம் வந்துவிடும்.

சீக்கிரம் நிறுத்தினால் என்ன நஷ்டம்? மீந்த டொலுயிடின் டயசோனியத்தோடு நேராகவே இணையும். கரைசலில் மஞ்சள் பொடி மிதந்தால் அதுதான். அமிலம் குறைந்தாலும் இதே கதை. ஒரு மோல் அமைனுக்கு ஒரு மோல் அமிலம் உப்பாக்கவும், இன்னொன்று நைட்ரைட்டிலிருந்து நைட்ரஸ் அமிலத்தை விடுவிக்கவும் செலவாகிறது. மூன்றாவதுதான் அமைனைக் கட்டிப்போட்டு இந்த இணைப்பைத் தடுக்கிறது. இந்த மூன்றாவதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. நைட்ரைட் அதிகமாகிவிட்டால் ஒரு சிட்டிகை சல்ஃபாமிக் அமிலம் போடுங்கள், உபரி நைட்ரஸ் அமிலம் நைட்ரஜனாக நுரைத்துப் போய்விடும். பழைய புத்தகங்கள் யூரியா சொல்லும், அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இனி உங்கள் 10.7 கிராமுக்கு, அதாவது 0.1 மோலுக்கு. டொலுயிடினை 30 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 30 மில்லி நீர் கலவையில் லேசாகச் சூடாக்கிக் கரையுங்கள். கையுறை கட்டாயம், அது தோல் வழியாகவே உள்ளே போகும். பிறகு வேகமாகக் கலக்கிக்கொண்டே ஐஸ்-உப்புக் குளியலில் ஆறவைக்க வேண்டும். அப்போதுதான் உப்பு நொய் போன்ற சின்னப் படிகமாக விழும். மெல்ல ஆறவிட்டால் கட்டியாகி, உள்ளே இருப்பது நைட்ரைட்டைத் தொடாமலே கிடக்கும். 7 கிராம் சோடியம் நைட்ரைட்டை 20 மில்லி நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், உள்வெப்பம் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெளியே மட்டும் ஐஸ் வைத்தால் போதவில்லை என்றால் ஃபிளாஸ்குக்குள்ளேயே கொஞ்சம் ஐஸைப் போடலாம், ஒன்றும் ஆகாது. பழைய நைட்ரைட் ஈரம் இழுத்திருக்கும். ஆகவே தராசு சொல்வதைவிடத் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

இந்தக் குளிர்ந்த கரைசலைக் குப்ரஸ் கரைசலுக்குள் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றாதீர்கள். காப்பர் எப்போதும் அதிகமாக இருக்கும் பக்கத்தில் டயசோனியம் போய் விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். சற்று நேரத்தில் கலவை கெட்டியாகிப் பழுப்பாக மாறும். அது காப்பரும் டயசோனியமும் சேர்ந்த ஒரு கூட்டுச் சேர்மம், பயப்பட வேண்டாம். இங்கே பொறுமை வேண்டும். குளிரிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்குத் தானாக வரவிட்டு, இரண்டு மணி நேரமாவது கலக்குங்கள். நுரை அடங்கின பிறகுதான் 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். எடுத்தவுடன் சூடாக்கினால் மறுபடி கிரெசால் பக்கம் சாய்ந்துவிடும். 0.1 மோலிலிருந்து வெளியேறும் நைட்ரஜன் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வரும். ஒரு லிட்டர் ஃபிளாஸ்கை எடுங்கள், வாயை மூடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டே கூடாது: டயசோனியம் குளோரைடை ஒருபோதும் வடிகட்டிக் காயவைக்காதீர்கள், காய்ந்தால் வெடிக்கும். பீக்கர் விளிம்பிலும் தெர்மாமீட்டரிலும் ஒட்டியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

நீராவியில் காய்ச்சி வடித்தால் தார் பின்தங்கிவிடும், எண்ணெய் நீரோடு வரும். குளோரோடொலுயீன் நீரைவிடக் கனம், அடியில் படியும். மேலே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கிரெசாலும் நீராவியோடு வருமாதலால் முதலில் ஹைட்ராக்சைடு கழுவல், ஒட்டிக்கொண்ட அசோ நிறத்துக்குச் சில மில்லி குளிர்ந்த அடர் சல்ஃப்யூரிக் அமிலம், பிறகு நீர். கால்சியம் குளோரைடில் உலர்த்திக் காய்ச்சி வடியுங்கள். புத்தகத்தில் கொதிநிலை 162 டிகிரி என்றிருக்கும். நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், தண்ணீரே 97 டிகிரியில் கொதிக்கிறது. அதனால் 157, 158 வாக்கில் வருவதைத் தூய்மையற்ற பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோட்பாட்டு அளவு 12.7 கிராம், 9 கிராம் கையில் வந்தால் வினை ஒழுங்காக நடந்திருக்கிறது.

புரோமைடு வேண்டும் என்று கேட்டால் அமிலத்தையும் சேர்த்து மாற்றுங்கள்: ஹைட்ரோபுரோமிக் அமிலமும் குப்ரஸ் புரோமைடும். ஹைட்ரோகுளோரிக்கில் டயசோ செய்து குப்ரஸ் புரோமைடில் ஊற்றினால் இரண்டும் கலந்த எண்ணெய் வரும், பிரிப்பது பெரும்பாடு. அயோடைடுக்குக் காப்பரே தேவையில்லை. பொட்டாசியம் அயோடைடு போதும், அயோடைடு அயனே எலக்ட்ரான் கொடுத்துவிடும்.

நைட்ரைலுக்கு வருவோம். இதே முறையில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இங்கே காப்பர் சயனைடு, பொட்டாசியம் சயனைடில் கரைந்து இருக்கும். உங்கள் டயசோ கரைசலில் இருக்கும் அந்த மூன்றாவது பங்கு அமிலம் அதில் விழுந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். எனவே டயசோ கரைசலை ஐஸில் வைத்தபடியே சோடியம் கார்பனேட்டால் நடுநிலைப்படுத்தி, லிட்மஸில் சிவப்பு வராது என்று உறுதி செய்த பிறகே சயனைடோடு சேர்ப்பார்கள். அமிலம் போனதும் டயசோனியம் இணைப்புக்குத் தயாராகிவிடுவதால் அங்கே வேகமும் தேவை, மதியச் சாப்பாடு அங்கேதான் உண்மையிலேயே கெடுக்கும். நல்ல ஃபியூம் ஹுட், பக்கத்தில் இன்னொருவர், சயனைடு விஷமுறிவுக்கான ஏற்பாடு, கழிவை அழிக்கும் முறை, இந்த நாலும் எழுத்தில் இல்லாத லேபில் இதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சின்ன லேபுக்கு வேறு வழி இருக்கிறது. மேலே சொன்னபடி புரோமைடைச் செய்துகொண்டு, பல்லேடியம் வினையூக்கியோடு பொட்டாசியம் ஃபெரோசயனைடைப் பயன்படுத்தி நைட்ரைலாக மாற்றலாம். ஃபெரோசயனைடில் சயனைடு இரும்போடு இறுகக் கட்டப்பட்டிருப்பதால் பொட்டாசியம் சயனைடு போல ஆபத்தானதல்ல. ஒரு படி கூடுதல், பல்லேடியத்துக்குச் செலவும் உண்டு. உங்கள் மேலாளர் விலையைக் கேட்டு முகம் சுளித்தால், சயனைடு கழிவை முறைப்படி அழிக்க ஆகும் செலவையும் அதே தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆனால் இந்த வழியில் போனாலும், ஃபெரோசயனைடு கழிவை குளோரைடு வேலையின் அமிலக் கழிவுக் கேனில் மட்டும் ஊற்றாதீர்கள். சூடான அமிலத்தில் அதுவும் அதே வாயுவைத்தான் விடும்.