நூற்றிருபது பேரைத் தாண்டி என்ன?

வணக்கம் சார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மூன்று கிராமங்களில் 120 விவசாயிகளிடம் பேசி, சம்பாவுக்கு நாற்று நடுவதை விட்டு நேரடி விதைப்புக்கு ஏன் மாறினார்கள் என்று ஒரு மாணவி ஆய்வேடு எழுதியிருக்கிறார். களப்பணியில் குறை இல்லை. ஆனால் இந்த 120 பேருக்கு வெளியே இதற்கு என்ன பொருள் என்பதை ஆய்வேடு தெளிவாகச் சொல்கிறதா என்று எதை வைத்து முடிவு செய்வது?
– ஓர் உதவிப் பேராசிரியர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கடைசி இயலைப் புரட்டுங்கள். “இம்முடிவுகள் அரசுக்கும் விவசாயிகளுக்கும் பெரிதும் பயன்படும்” என்று ஒரு வரி இருக்கும். அதில் நெல்லை எடுத்துவிட்டு வாழையைப் போட்டுப் பாருங்கள். வரி அப்படியே நின்றால், அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. (இந்த வரியை எங்கள் காலத்திலேயே எல்லோரும் எழுதினோம்.)

அடுத்து, எதை வெளியே கொண்டுபோகிறார் என்று பாருங்கள். மூன்று கிராமங்களை அவரே தேர்ந்தெடுத்திருந்தால், ‘இத்தனை சதவீதம் பேர் மாறினார்கள்’ என்ற எண் அந்தக் கிராமங்களோடு சரி. அதை டெல்டா முழுக்க நீட்டினால் தப்பு. வெளியே போகக்கூடியது காரணம்தான். கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று உறுதியில்லை. நாற்றங்கால் விட்டுவிட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் நாற்றைப் பறித்து நட்டாக வேண்டும். தண்ணீர் தள்ளிப்போனால் நாற்று முற்றும், தூர் குறையும், மகசூல் விழும். புழுதியில் விதைத்தவருக்கு அந்தத் தேதிக் கெடு இல்லை, மழைக்குக் காத்திருக்கலாம். இப்படிச் சொன்னால், வாய்க்காலின் கடைசியில் தேதி தெரியாமல் காத்திருக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்துமா என்று கேட்க முடிகிறது.

எங்கே பொருந்தாது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது. அவரும் நேரடி விதைப்புக்குப் போயிருந்தால் காரணம் நடவு ஆள் கூலியாக இருக்கலாம். செயல் ஒன்று, காரணம் வேறு. இந்த எல்லையைச் சொல்லாத ஆய்வேடு தன் முடிவைத் தானே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், அந்தக் காரணத்துக்கு அவர் தரவிலேயே ஆதாரம் இருக்கிறதா? பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடலோரத்தை நெருங்க நெருங்க போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் பல இடங்களில். ஆனாலும் 120 பேரில் சிலருக்காவது குளமோ நல்ல தண்ணீர் போரோ இருந்திருக்கும். அவர்கள் இன்னமும் நடுகிறார்களா? நட்டால் ‘தண்ணீர்த் தேதி’ என்ற விளக்கம் பலப்படும். அவர்களும் விதைப்புக்கே போய்விட்டார்கள் என்றால், கூலிதான் உண்மைக் காரணமோ என்று சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து, யார் நடுகிறார், யார் விதைக்கிறார் என்று காட்டும் அட்டவணை இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். பாசன வசதியைக் கேள்வித்தாளில் கேட்டிருந்தால் போதும், மறுபடி ஊருக்குப் போக வேண்டியதில்லை.

கடைசியாக, ஆய்வுச்சுருக்கத்தையும் முடிவுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முடிவுரையில் ‘கடைமடை’ என்று அடக்கமாக எழுதிவிட்டு, சுருக்கத்தில் ‘தமிழக விவசாயிகள்’ என்று விரித்திருப்பார்கள். அதை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்புங்கள்.